முகப்பருவும் கருத்தடை மாத்திரையும்

“எனக்கு வயது 28. செம்பனைத் தோட்டத்தில் உரம் போடும் வேலை. இரண்டு பிள்ளைகள், சின்னவனுக்குப் பத்து மாதம். அவன் பிறந்ததிலிருந்து கிளினிக்கில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கருத்தடை ஊசி போட்டு வருகிறேன். இரண்டாவது ஊசிக்குப் பிறகு தாடை ஓரமெல்லாம் பெரிய பெரிய பருக்களாக வந்துவிட்டன. தலைமுடியும் கொத்துக் கொத்தாக உதிர்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, தான் சாப்பிடும் மாத்திரையில் ஒரு அட்டை தருகிறேன், முகம் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார். மாமியாரோ எல்லாவற்றையும் நிறுத்து என்கிறார். அடுத்த ஊசிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. என்ன செய்வது?”

இப்படிக் கேட்டு எழுதியிருக்கிறார் ஒரு வாசகி.

சகோதரி, எல்லாவற்றையும் நிறுத்துவதற்கு முன் ஒன்றை நினைத்துப் பாருங்கள். மூன்றாவது குழந்தை இப்போது வேண்டாம் என்பது உங்கள் முடிவானால், பருவுக்காகப் பாதுகாப்பைக் கைவிட வேண்டியதில்லை. முறையை மாற்றினாலே போதும்.

முதலில் பரு எப்படி வருகிறது என்று பார்ப்போம். பெண்களின் உடலிலும் ஆண்ட்ரோஜன் என்னும் ஆண்மை ஹார்மோன் கொஞ்சம் சுரக்கிறது. அதுதான் தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகிறது. எண்ணெய் மிகுந்து துவாரம் அடைபட்டால் பரு. மோவாயில் முரட்டு முடி முளைப்பதற்கும், சிலருக்கு உச்சந்தலையில் முடி மெலிவதற்கும் இதே ஹார்மோன்தான் காரணம். ஆனால் இரத்தத்தில் ஒரு புரதம் இருக்கிறது. அது ஆண்ட்ரோஜனைப் பிடித்துக் கட்டிப் போட்டுவிடும். கட்டுப்படாமல் திரிகிற மிச்சம்தான் தோலில் வேலையைக் காட்டும்.

சாதாரணக் கருத்தடை மாத்திரையில் இரண்டு மருந்துகள் கலந்திருக்கும். ஒன்று ஈஸ்ட்ரோஜன், மற்றொன்று புரோஜெஸ்டின். ஈஸ்ட்ரோஜன் அந்தப் புரதத்தைப் பெருக்குகிறது. ஆகவே திரிகிற ஆண்ட்ரோஜன் குறைகிறது. இரண்டும் சேர்ந்து சினைப்பைக்கு ஓய்வு கொடுப்பதால் அங்கே சுரப்பதும் குறைகிறது. நீங்கள் போடும் ஊசியில் புரோஜெஸ்டின் மட்டுமே உண்டு, ஈஸ்ட்ரோஜன் கிடையாது. அதனால்தான் சிலருக்கு ஊசியிலும், கையில் வைக்கும் குச்சியிலும் பரு அதிகமாகிறது. உங்கள் பருவுக்கு ஊசி காரணமாக இருக்கலாம் என்று நீங்கள் சந்தேகிப்பது நியாயமே.

முடி உதிர்வது வேறு கதையாக இருக்கலாம். பிரசவமான மூன்று நான்கு மாதத்தில் நிறையப் பெண்களுக்கு முடி கொட்டும். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போது பெரும்பாலும் தானே அடங்கும். தலை முழுவதும் சமமாகக் கொட்டினால் இதுதான் என்று எண்ணலாம். இரத்தச் சோகையும் காரணமாகலாம். கிளினிக்கில் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் வகிடு மட்டும் அகன்றுகொண்டே போய், மோவாயில் முடி முளைத்து, ஊசிக்கு முன்பும் மாதவிலக்கு ஒழுங்கின்றி இருந்திருந்தால், அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அது சினைப்பைக் கோளாறாக இருக்கக்கூடும். மாத்திரை அதை மூடி மறைக்குமே தவிரக் குணமாக்காது.

இனி மாத்திரை வகைகள். அட்டையின் பின்பக்கத்தில் இரண்டு மருந்துப் பெயர்கள் இருக்கும். எத்தினில் ஈஸ்ட்ராடயால் என்பது ஈஸ்ட்ரோஜன். மற்றப் பெயர்தான் மாத்திரைக்கு மாத்திரை மாறும்.

லெவோநார்ஜெஸ்ட்ரல் பழைய வகை. இதற்கு ஆண்ட்ரோஜன் சாயல் கொஞ்சம் உண்டு. டெசோஜெஸ்ட்ரலுக்கு அந்தச் சாயல் குறைவு. ட்ரோஸ்பைரினோனும் சைப்ரோட்டிரோனும் ஆண்ட்ரோஜனை எதிர்ப்பவை. ஒன்றில் 0.15 மில்லிகிராம், இன்னொன்றில் 3 மில்லிகிராம் என்று போட்டிருப்பதைப் பார்த்து, அதிக எண் உள்ளது அதிக வேகம் என்று எண்ணிவிடாதீர்கள். வெவ்வேறு மருந்துகளை எடையால் ஒப்பிட முடியாது.

அப்படியானால் எதிர்க்கும் வகையையே முதலில் எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். இரண்டு காரணங்களால் அவசரம் வேண்டாம். ஈஸ்ட்ரோஜன் கூடவே இருப்பதால், லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரையிலும் பெரும்பாலோருக்குப் பரு குறையவே செய்கிறது. வகைகளுக்கிடையே உள்ள வித்தியாசம் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்குப் பெரிதல்ல. இரண்டாவது, காலில் இரத்தம் உறையும் ஆபத்து. கர்ப்பமில்லாமலும் மாத்திரை சாப்பிடாமலும் இருக்கும் 10,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கு இது வரும். லெவோநார்ஜெஸ்ட்ரல் சாப்பிடுவோரில் 5 முதல் 7 பேர். டெசோஜெஸ்ட்ரல், ட்ரோஸ்பைரினோன் சாப்பிடுவோரில் 9 முதல் 12 பேர். சைப்ரோட்டிரோனிலும் லெவோநார்ஜெஸ்ட்ரலைவிட ஆபத்து அதிகம். அதைக் கருத்தடைக்காக மட்டும் கொடுப்பதில்லை. கடுமையான பருவுக்கும் முகத்து முடிக்கும் கொடுத்து, குணமான சில மாதங்களில் நிறுத்திவிடுவார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இது. ஊசிக்குரிய தேதிக்கு முன்பே கிளினிக்குக்குப் போங்கள். இரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டினால் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை கூடாது. முன்பு இரத்தம் உறைந்தவர்கள், கண்முன் மின்னல் போல் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவர்கள், 35 வயதுக்கு மேல் புகைப்பவர்கள், ஈரல் நோயோ மார்பகப் புற்றுநோயோ உள்ளவர்கள் ஆகியோருக்கும் ஆகாது. ட்ரோஸ்பைரினோன் என்றால் சிறுநீரகக் கோளாறு பற்றியும் கேட்பார்கள். நீங்கள் இன்னும் தாய்ப்பால் கொடுத்தாலும் குழந்தைக்கு ஆறு மாதம் கடந்துவிட்டதால் அது தடையில்லை, ஆனாலும் சொல்லிவிடுங்கள்.

எல்லாம் சரியாயிருந்தால், அடுத்த ஊசி போட வேண்டிய அதே நாளில் முதல் மாத்திரையைத் தொடங்கலாம். நடுவில் இடைவெளி வராது. லெவோநார்ஜெஸ்ட்ரல் வகையே கிடைத்தாலும் தயங்க வேண்டாம். ஊசி மருந்து உடலைவிட்டு நீங்க நாளாகும். ஆகவே முதல் மாதத்திலேயே முகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பரு குறைய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். முகத்து முடி என்றால் ஆறு மாதத்துக்கும் மேல். ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் பரு தணியாவிட்டால், டெசோஜெஸ்ட்ரல் அல்லது ட்ரோஸ்பைரினோனுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். மாற்றும்போது பழைய அட்டையின் கடைசி மருந்து மாத்திரைக்கு மறுநாளே புதிய அட்டையைத் தொடங்க வேண்டும். சர்க்கரை மாத்திரை நாட்களைக் கழிக்க வேண்டாம்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால், அல்லது இதுவரை இல்லாத கடுந்தலைவலி வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறுநாள் பெரட்டு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பக்கத்து வீட்டு அக்காவின் அட்டையை அன்போடு மறுத்துவிடுங்கள். அவருக்கு ஒத்துக்கொண்டது அவருடைய இரத்த அழுத்தத்தையும் உடல் நிலையையும் பொறுத்தது. வேண்டுமானால் அந்த அட்டையின் பின்பக்கத்திலுள்ள பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். உங்களுக்கு அது ஆகுமா என்று அவர் சொல்லுவார்.