முதல் சொல்

தோட்டத்துப் பாகப்பிரிவினையால் பல்லாண்டு பேசாதிருந்த தம்பி, அண்ணன் நோயுற்றதும் எப்படித் தொடங்குவது எனத் திகைத்து வாயிலில் நிற்பதை நாங்கள் காண்கிறோம். சகோதரனை மூன்று நாளுக்கு மேல் வெறுத்து ஒதுக்கலாகாது, முதலில் சலாம் உரைப்பவரே மேலானவர் என்பது நபிமொழி. காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு, மனத்தாங்கலுள்ள சகோதரனிடம் முதலில் போகச் சொல்கிறது மத்தேயு நற்செய்தி. நியாயம் யார் பக்கம் என்பதற்கு முன்பே முதல் அடியை இரண்டும் கேட்கின்றன. ஆகவே, வழக்கைத் தொடாமல் தொடங்குவதே நன்று என்கிறோம்:

“அண்ணா, நானுங்க. உடம்பு சரியில்லைன்னு கேள்விப்பட்டேன். இத்தனை நாள் பேசாம இருந்தது என் தப்புங்க. பார்க்க வரட்டுங்களா?”

இதில் ‘ஆனால்’ நுழைந்தால் மன்னிப்பு வாதமாகிவிடும். அவர் மறுத்தால் வற்புறுத்த வேண்டா. நலம் கேட்டதாகச் சொல்லி அனுப்பினால் போதும். மன்னித்தல் வேறு, பங்கை விட்டுக்கொடுத்தல் வேறு. பத்திரப் பேச்சு படுக்கையருகே வேண்டா.