சார்ஜ் ஒப்படைக்க ஒரே கம்பெனிக்காரனாக இருக்க வேண்டுமா?

என் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சமீபத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பைக் கழித்துக் கட்டிவிட்டு, கையிலிருக்கும் ஐபோனுக்கு ஜோடியாக ஒரு மேக்புக் வாங்கியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். போனில் பாதி எழுதிய கடிதத்தை லேப்டாப்பில் அப்படியே தொடரலாமாம், அதற்கு ஹேண்ட்ஆஃப் என்று பெயராம். பிள்ளைகள் சொல்லி வாங்கினார்களாம். அந்த வசதியை நானும் ஒரு வருடமாகப் பயன்படுத்துகிறேன், நல்ல வசதிதான். ஆனால் அதற்காக ஒரு லேப்டாப்பை மாற்றுவது பென்ஷன் பணத்துக்குப் பிடித்த கேடு என்பது என் கட்சி.

முதலில் அது செய்வது என்ன என்று பார்ப்போம். பிரான்சில் குடியேறிவிட்ட பள்ளித் தோழனுக்கு மாதம் ஒரு மின்னஞ்சல் எழுதுவேன். காலையில் வாசலில் உட்கார்ந்து ஐபோனின் மெயில் செயலியில் நாலு வரி தட்டுவேன். கண் வலித்தால் உள்ளே போய் மேக்புக்கைத் திறப்பேன். திரையின் அடியில் படங்கள் வரிசையாக நிற்கும் பட்டையின் ஓரத்தில் மெயில் படம் ஒன்று புதிதாக வந்து நிற்கும். அதைச் சொடுக்கினால் நான் விட்ட வரியோடு கடிதம் திறக்கும். அவ்வளவுதான்.

ஆபீஸில் சார்ஜ் கொடுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது எளிதில் புரியும். மாற்றலாகிப் போகிறவர் பீரோவைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுப்பதில்லை. எந்த ஃபைல் எந்த நிலையில் இருக்கிறது என்ற பட்டியலையும் சாவியையும் கொடுக்கிறார். ஹேண்ட்ஆஃபும் அப்படித்தான். 'இன்ன செயலி, இன்ன வேலை, இந்த இடத்தில் நிற்கிறது' என்ற சிறு சீட்டுத்தான் கை மாறுகிறது. அந்தச் சீட்டு 3 கிலோபைட்டுக்குள் இருக்கட்டும் என்று செயலி எழுதுகிறவர்களுக்கு ஆப்பிள் சொல்கிறது. பெரிய கோப்பாக இருந்தால் அது பெரும்பாலும் ஐகிளவுடில் முன்பே இருக்கும். லேப்டாப் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்.

இந்தச் சீட்டு கை மாறுவதற்கு நிபந்தனைகள் உண்டு. இரண்டு கருவிகளிலும் புளூடூத்தும் வைஃபையும் போட்டிருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 10 மீட்டருக்குள் தூரம் இருக்க வேண்டும். போனில் அந்த வேலை திறந்திருக்க வேண்டும். வேறு செயலிக்குத் தாவினால் லேப்டாப்பில் வந்த படம் மறைந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டும் ஆப்பிள் கருவியாக, ஒரே ஆப்பிள் கணக்கில் இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் நான் மாட்டிக்கொண்டேன். என் போன் மகன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது, அவன் கணக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது. லேப்டாப் என் கணக்கில். ஒரு வாரம் முயன்றும் அந்தப் படம் வரவே இல்லை. பழுது என்று நினைத்து ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த பையன், "சார், ரெண்டுலயும் உங்க பையன் ஐடியையே போட்டுடுங்க, தானா வந்துடும்" என்றான். அவன் சொன்னது உண்மைதான், வந்துவிடும். ஆனால் அதோடு வேறு என்னென்ன வரும் என்று அவன் சொல்லவில்லை. ஒரே கணக்கு என்றால் தொலைபேசி எண்கள், படங்கள், குறிப்புகள், செய்திகள் எல்லாம் ஒன்றாகக் கலக்கும். யார் எதை அழித்தாலும் இரண்டு பக்கமும் அழியும். கருவியைத் தொலைவிலிருந்து பூட்டுகிற, துடைக்கிற அதிகாரமும் அந்தக் கணக்குக்காரரிடம் இருக்கும். என் மகன் நல்லவன்தான். ஆனாலும் என் மேஜைச் சாவி என் இடுப்பில்தான் இருக்க வேண்டும்.

சரியான வழி வேறு. மகனைப் போனில் பிடித்தேன். அவன் கடவுச்சொல் இல்லாமல் அவன் கணக்கை அந்தக் கருவியிலிருந்து விடுவிக்க முடியாது. "இதுக்கா அப்பா இவ்வளவு நாள் கஷ்டப்பட்டீங்க" என்று சொல்லிக் கொடுத்தான். அவன் கணக்கை நீக்கி என் கணக்கைப் போட்ட அன்றே படம் வந்தது. உங்களுக்கும் வரவில்லையா? பழுது பார்க்க ஓடாதீர்கள். போனில் Settings திறந்தால் மேலே ஒரு பெயர் தெரியும். மேக்கில் System Settings திறந்தாலும் தெரியும். அந்த இரண்டும் ஒரே கணக்குதானா என்று பாருங்கள். பிறகு இரண்டிலும் General பகுதிக்குள் Handoff என்ற விசை போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி என் வழக்குக்கு வருகிறேன். புளூடூத்தும் வைஃபையும் எந்தக் கம்பெனியின் சொத்தும் அல்ல, உங்கள் பழைய லேப்டாப்பிலும் இரண்டும் இருக்கின்றன. ஒரு சிறு சீட்டைப் பக்கத்துக் கருவிக்குக் கொடுக்க உலகத்தில் ஒரே கம்பெனிக்காரனாக இருக்க வேண்டும் என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எனக்குத் தெரிந்து இல்லை. குரோம் உலாவியில் ஐபோனில் பார்க்கும் பக்கத்தை விண்டோஸ் லேப்டாப்புக்கு அனுப்பலாம், கூகிள் கணக்கு ஒன்றாக இருந்தால் போதும். ஆப்பிள் மட்டும் இப்படி என்றும் சொல்ல மாட்டேன். சாம்சங்கிலும் இதே மாதிரி வசதி உண்டு, அங்கேயும் அவர்கள் கருவி, அவர்கள் கணக்கு.

'பாதுகாப்புக்காகத்தான் இப்படி' என்பார்கள். பாதுகாப்பு வேண்டியதுதான். ஆனால் பூட்டு வேறு, பூட்டை ஒரே கடையில்தான் வாங்க வேண்டும் என்பது வேறு. சார்ஜர் விஷயத்திலும் இப்படித்தான் தனித் துளை வைத்திருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் சட்டம் போட்டது. 2023-இல் வந்த ஐபோன் 15-இல் எல்லாருக்கும் பொதுவான யூ.எஸ்.பி-சி துளை வந்தது. வானம் இடிந்து விழவில்லை. கட்டாயம் வந்தால் முடிகிறது.

அதுவரை நாம் என்ன செய்வது? மெயிலில் 'டிராஃப்ட்' என்று ஒன்று ஆதி காலம் தொட்டு இருக்கிறது. ஜிமெயிலில் நாலு வரி எழுதிவிட்டுப் பின்னோக்கும் அம்பை அழுத்துங்கள், கடிதம் Drafts பெட்டிக்குப் போய்விடும். எந்தக் கம்பெனி லேப்டாப்பிலும் ஜிமெயிலைத் திறந்து அதே பெட்டியிலிருந்து எடுத்துத் தொடரலாம். இதற்கு 10 மீட்டர் கணக்கு இல்லை, புளூடூத் வேண்டாம். இன்று புதுச்சேரியில் போனில் ஆரம்பித்ததை நாளை கடலூரில் மகள் வீட்டு லேப்டாப்பில் முடிக்கலாம். முடித்ததும் வெளியேற மறக்காதீர்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. போனில் கடிதத்தைத் திறந்தபடி விட்டுவிட்டு லேப்டாப்பில் திருத்தாதீர்கள். இரண்டு பிரதிகளும் ஒன்றை ஒன்று மிதிக்கும். ஒரு இடத்தில் மூடிவிட்டு மறு இடத்தில் திறக்க வேண்டும்.

ஹேண்ட்ஆஃப் இதைவிட எனக்கு மிச்சப்படுத்துவது, மூடுவது, பெட்டியைத் தேடுவது, திறப்பது என்ற மூன்று தட்டல்கள். கை நடுங்குகிறவருக்கு மூன்று தட்டல் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. இரண்டு கருவியும் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அந்த மூன்று தட்டலுக்காக ஒரு லேப்டாப் வாங்கச் சொன்னால் மட்டும், பிள்ளைகளிடம் டிராஃப்ட் பெட்டியைத் திறந்து காட்டுங்கள்.