ஒரு வேளை சரி. ஒரு நாள் சரியா?

இரண்டு வயது மகளுக்குக் காய்ச்சல் கண்டிருந்த வேளையில் தாய் ஒருவர் நமக்கு எழுதிய மடலில் இவ்வாறு கேட்டிருக்கிறார்: “மருத்துவர் காய்ச்சல் சிரப்பை 6 மில்லிலிட்டர் வீதம், ஆறு மணி நேரத்திற்கு ஒரு முறை கொடுக்கச் சொன்னார். திங்கட்கிழமை மாலை 4 மணிக்குத் தொடங்கி, இரவு 10, அதிகாலை 4, காலை 10 என்று கொடுத்தேன். செவ்வாய் பகல் 2 மணிக்கே காய்ச்சல் மீண்டும் ஏறிவிட்டது. இன்று இரண்டு வேளைதானே கொடுத்திருக்கிறேன். இன்னொரு வேளை கொடுத்தால் தவறா?” மடலின் இறுதியில், சளிக்காக வீட்டில் இருந்த வேறொரு சிரப்பையும் இடையில் கொடுத்துவருவதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

இக்கேள்விக்கு விடை காணும் வழியை இம்மாதம் எடுத்துக்கொள்வோம். கூட்டலும் பெருக்கலும் தெரிந்த எவரும் இதைச் செய்துவிடலாம். மருத்துவர் எழுதித் தந்ததை மாற்றுவதற்கு இக்கணக்கு அன்று. எழுதித் தந்ததும் நம் கையில் உள்ள புட்டியும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று சரிபார்ப்பதற்கே.

நம் நாட்டில் குழந்தைகளின் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் தரப்படுவது பாராசிட்டமால் என்னும் மருந்து. இதன் அளவைக் குழந்தையின் வயதைக் கொண்டன்று, எடையைக் கொண்டே முடிவு செய்கிறார்கள். ஏனெனில் இரண்டு வயதுக் குழந்தைகளிலேயே ஒன்று 9 கிலோவும் மற்றொன்று 14 கிலோவும் இருக்கக்கூடும். ஒரு வேளைக்கு, எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மில்லிகிராம் வரை கொடுக்கலாம். இரு வேளைகளுக்கிடையே குறைந்தது 4 மணி நேரம், பெரும்பாலும் 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேற்படக் கூடாது. எல்லாம் சேர்ந்து கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சில நூல்களில் இதனினும் உயர்ந்த வரம்பைக் காணலாம். ஆனால் வீட்டில் சரிபார்க்கும் பெற்றோர் 60 என்பதையே எல்லையாகக் கொள்வது நலம். சீட்டிலோ புட்டியிலோ இதைவிடக் குறைவாக எழுதியிருந்தால், அக்குறைந்த எண்ணையே கொள்ள வேண்டும்.

முதலில் எடை. சென்ற ஆண்டு எழுதிவைத்த எடை பயன்படாது. இப்போதைய எடை வேண்டும். அங்கன்வாடியில் மாதந்தோறும் குறிக்கும் அட்டை இருந்தால் அதைப் பார்க்கலாம். இல்லையேல், தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தராசில் நின்று பார்த்துவிட்டு, பின்பு தனியே நின்று பார்த்து, முன்னதிலிருந்து பின்னதைக் கழித்துவிட வேண்டும். மடல் எழுதிய தாயின் மகளுக்கு எடை 11 கிலோ. ஆகவே ஒரு வேளைக்கு 110 முதல் 165 மில்லிகிராம் வரை. ஒரு நாளைக்கு உச்ச அளவு 11-ஐ 60-ஆல் பெருக்க வரும் 660 மில்லிகிராம். இவ்வெண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்வோம்.

அடுத்து, புட்டி. பாராசிட்டமால் சிரப் எல்லாம் ஒரே வீரியமுடையவை அல்ல. சிலவற்றில் 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் மருந்து இருக்கும். வேறு சிலவற்றில் அதே 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் இருக்கும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தோ இவ்விரண்டினும் செறிவானது. அதில் ஒரே மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் இருப்பது வழக்கம். எனவே மருந்தின் பெயரைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், இத்தனை மில்லிலிட்டரில் இத்தனை மில்லிகிராம் என்னும் வரியைத் தேடிப் படிக்க வேண்டும். அதிலிருந்து ஒரு மில்லிலிட்டரில் எவ்வளவு என்று கண்டுகொண்டால் மற்றவை எளிது.

அத்தாயின் கையில் இருப்பது 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் உள்ள புட்டி. அப்படியாயின் ஒரு மில்லிலிட்டரில் 25 மில்லிகிராம். மருத்துவர் எழுதிய 6 மில்லிலிட்டரில் 150 மில்லிகிராம். இது 110-க்கும் 165-க்கும் இடையில் அமைகிறது; வேளை அளவு சரியே. நான்கு வேளைக்கு 600 மில்லிகிராம். அதுவும் 660-க்குள் அடங்குகிறது. மருத்துவர் எழுதியது செம்மையான அளவு என்பது இதனால் விளங்கும்.

அதே வீட்டில் மூத்த மகனுக்கு வாங்கிய, 250 மில்லிகிராம் வீரியமுள்ள புட்டி அலமாரியில் இருந்து, இரவு அவசரத்தில் அது கைக்கு வந்துவிட்டால் என்ன ஆகும்? அதே 6 மில்லிலிட்டரில் 300 மில்லிகிராம் போய்விடும். நான்கு வேளையில் 1200 மில்லிகிராம். அதாவது நாள் வரம்பைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. சொட்டு மருந்தை 6 மில்லிலிட்டர் அளந்துவிட்டாலோ, ஒரே வேளையில் 600 மில்லிகிராம். ஒரு நாள் முழுமைக்கும் உரியது ஒரே விழுங்கில் போனதற்கு ஒப்பாகும். ஆகவே காய்ச்சலுக்கென்று வீட்டில் ஒரே வீரியமுள்ள ஒரே புட்டியை வைத்திருப்பதே நல்லது. சமையலறைக் கரண்டியால் அளப்பதும் ஆகாது. தேக்கரண்டிகள் ஒன்றுக்கொன்று கொள்ளளவில் மிகவும் வேறுபடும். புட்டியோடு வரும் அளவு மூடி, அல்லது மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சு, இவற்றாலேயே அளக்க வேண்டும்.

இனி அத்தாய் கேட்ட கேள்விக்கு வருவோம். ‘இன்று இரண்டு வேளைதானே’ என்கிறார். குழந்தையின் உடலுக்கு நள்ளிரவில் புதுக்கணக்குத் தொடங்குவதில்லை. வரம்பு நாட்காட்டித் தாளுக்கு அன்று, தொடர்ந்து வரும் எந்த 24 மணி நேரத்திற்கும் உரியது. செவ்வாய் பகல் 2 மணிக்கு நின்று திரும்பிப் பார்த்தால், திங்கள் பகல் 2 மணி வரையிலான 24 மணி நேரத்தில் நான்கு வேளையும் அடங்கிவிட்டன. ஐந்தாவது வேளைக்கு அங்கு இடமில்லை. சளி மருந்து எதுவும் தரப்படாதிருந்தால், முதல் வேளை கணக்கிலிருந்து நீங்கும் மாலை 4 மணிக்குப் பின் அடுத்த வேளையைக் கொடுத்திருக்கலாம்.

ஆனால் அந்தக் கடைசி வரியில்தான் சிக்கல் இருக்கிறது. சளிக்கென்று விற்கப்படும் சிரப்புகள் பலவற்றில் மூக்கடைப்பு நீக்கும் மருந்துகளோடு பாராசிட்டமாலும் கலந்திருக்கும். அத்தாய் பார்த்து எழுதியபடி, அவர் கொடுத்த சளி மருந்தின் 5 மில்லிலிட்டரில் பாராசிட்டமால் 125 மில்லிகிராம் உண்டு. திங்கள் இரவு 8 மணி, செவ்வாய் காலை 8 மணி, பகல் 1 மணி என மூன்று முறை, முறைக்கு இரண்டரை மில்லிலிட்டர் கொடுத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் 62.5 மில்லிகிராம்; மூன்றிலும் சேர்த்து 187.5. இதைக் காய்ச்சல் சிரப்பின் 600-உடன் கூட்டினால் 787.5 மில்லிகிராம் ஆகிறது. வரம்போ 660. அதாவது, கேள்வி எழுவதற்கு முன்பே எல்லை தாண்டப்பட்டுவிட்டது. ஒவ்வொரு வேளையும் தனித்தனியே சரியாக இருந்தும், நாள் சரியாக அமையவில்லை. 2 மணிக்கு இன்னொரு வேளையும் கொடுத்திருந்தால் 937.5 ஆகி, கிலோவுக்கு 85 மில்லிகிராமைத் தொட்டிருக்கும்.

ஒரே ஒரு நாள் இச்சிறு மிகுதி நேர்ந்ததற்காக அத்தாய் கலங்க வேண்டியதில்லை. மருத்துவரிடம் அன்றே சொல்லிவிட்டு, சளி மருந்தை நிறுத்திவிட வேண்டும். மூக்கடைப்புக்கும் ஒவ்வாமைக்குமான குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் என்னும் இரு மருந்துகளும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாதென இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-ஆம் ஆண்டில் அறிவித்துள்ளதையும் இங்கே நினைவூட்டுகிறோம். அடுத்த வேளை எப்போது? மாலை 4 மணிக்குப் பார்த்தால் கணக்கில் 637.5 இன்னும் நிற்கிறது; 150-க்கு இடமில்லை. இரவு 10 மணிக்கு முந்தைய நாளின் பழைய வேளைகள் நீங்கி 425 மட்டுமே எஞ்சும். 150 சேர்ந்தால் 575. அப்போது கொடுக்கலாம். அதற்குள் குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, நீர் அருந்த மறுத்தாலோ, இரவு 10 மணிக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

இவ்வரம்பு எதற்காக? பாராசிட்டமாலை உடலிலிருந்து அகற்றும் வேலையைச் செய்வது கல்லீரல். அப்போது அம்மருந்தின் ஒரு சிறு பகுதி நச்சுப் பொருளாக மாறுகிறது. கல்லீரலில் உள்ள குளூட்டாதையோன் என்னும் பொருள் அதைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. மருந்து மிகுந்தால் அப்பொருள் தீர்ந்து, நச்சு கல்லீரலையே தாக்குகிறது. பல நாள் உண்ணாமல் வாடிய குழந்தையிடமும், ஊட்டம் குன்றிய குழந்தையிடமும் இப்பொருள் முன்பே குறைந்திருக்கும். ஆகவே அவர்களுக்கும், மஞ்சள் காமாலை கண்டவர்களுக்கும் மேற்கூறிய வரம்பு பொருந்தாது. மருத்துவர் சொல்லும் அளவே பொருந்தும். மூன்று மாதத்திற்குட்பட்ட சிசுவுக்குக் காய்ச்சல் என்றால் எந்தக் கணக்கும் போடாமல் மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். உடல் பருத்த குழந்தைக்கு எடையைப் பெருக்கிவரும் எண், புட்டியில் அதன் வயதுக்கு அச்சிட்ட அளவை விஞ்சினால், அச்சிட்டதே எல்லை.

இந்நச்சின் கொடுமை, முதல் நாளில் ஏதும் தெரியாமல் இருப்பதே. குமட்டலும் வாந்தியும் பசியின்மையும் வரலாம், வராமலும் போகலாம். ஆகவே பெரும் மிகுதி நேர்ந்தது என்று கணக்குக் காட்டினால், குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாலும் அறிகுறிக்காகக் காத்திருத்தல் கூடாது. வாந்தி எடுக்க வைத்தலும் கூடாது. புட்டியையும் நேரம் குறித்த தாளையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இதற்கு அசிட்டைல்சிஸ்டைன் என்னும் மாற்று மருந்து உண்டு; எட்டு மணி நேரத்திற்குள் தொடங்கினால் அது மிக நன்றாகப் பயன்படும்.

இன்னும் ஒன்று. இக்கணக்கு பாராசிட்டமாலுக்கு மட்டுமே உரியது. ஐபுப்ரோஃபென் என்னும் மருந்துக்கு அளவுகள் வேறு. டெங்கு இருக்கக்கூடும் என்ற ஐயம் உள்ள காய்ச்சலில் அது இரத்தக் கசிவை மிகுவிக்கும் என்பதால் தவிர்க்கப்படுகிறது. இரண்டும் ஒரே புட்டியில் கலந்து வருவதும் உண்டு. எனவே உட்பொருள் பட்டியலைப் படிக்காமல் எதையும் கொடுத்தலாகாது.

ஆதலால், காய்ச்சல் கண்ட வீட்டில் மருந்துப் புட்டியின் அருகில் ஒரு தாளை வைத்து, அதன் தலைப்பில் எடையையும் நாள் வரம்பையும் எழுதுங்கள். கொடுத்த நேரம், மருந்தின் பெயர், மில்லிலிட்டர், மில்லிகிராம் என்று ஒவ்வொரு வேளையையும் கொடுத்தவரே உடனே எழுத வேண்டும். மாலையில் தந்தை கொடுத்ததை அறியாமல் இரவில் பாட்டியார் மீண்டும் கொடுப்பதும் இதனால் நிற்கும். அடுத்த வேளைக்கு மூடியைத் திறக்குமுன், கடந்த 24 மணி நேரத்து மில்லிகிராம்களைக் கூட்டிப் பாருங்கள். கொடுக்கப்போவதையும் சேர்த்து வரம்புக்குள் அடங்கினால் கொடுங்கள்.