53 என்ற ஒரு எண்ணை மட்டும் கையில் கொடுத்து அனுப்பலாமா?

தேர்ச்சி அறிக்கை கொடுக்கிற நாளில் நாங்கள் ஆசிரியர்கள் அடிக்கடி சந்திக்கிற கேள்வி இது. ஒரு உம்மா அறிக்கையைப் பார்த்துவிட்டுக் கேட்பார்: "சேர், விஞ்ஞானத்துக்கு 53 போட்டிருக்கு. எதில குறைஞ்ச?" உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எங்களுக்கே சட்டென்று பதில் வருவதில்லை. "இன்னும் கொஞ்சம் படிக்கணும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அடுத்த வாரம் பிள்ளை இன்னொரு டியூஷனுக்குப் போகிறது.

இதற்கு வோட்டர்ஃபோல் சார்ட் என்ற வரைபு நன்றாக உதவும். பார்ப்பதற்குப் படிக்கட்டு மாதிரி இருக்கும். முதல் பட்டை நிலத்திலிருந்து எழும்பும். அது முடிந்த உயரத்திலிருந்து இரண்டாவது பட்டை தொடங்கும். அப்படியே ஏறி, கடைசியில் மொத்தப் புள்ளி நிலத்திலிருந்து ஒரே பட்டையாக நிற்கும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். அலகுப் பரீட்சைகளுக்கு 20, ஒப்படைக்கு 10, செயன்முறைக்கு 10, தவணைப் பரீட்சைக்கு 60 என்று பங்கு வைத்துக்கொள்வோம். ஒரு மாணவி அலகுப் பரீட்சைகளில் 50க்கு 45, ஒப்படையில் 20க்கு 16, செயன்முறையில் 20க்கு 12, தவணைப் பரீட்சையில் 100க்கு 35 எடுத்திருக்கிறாள். இந்த எண்களை அப்படியே வரைந்தால் படிக்கட்டு 108இல் போய் நிற்கும். 100ஐத் தாண்டிவிட்டால் பிழையை உடனே பிடித்துவிடலாம். புள்ளி குறைந்த பிள்ளைக்கு அது தாண்டாது, பிழையும் தெரியாது. ஆகவே முதலில் ஒவ்வொன்றையும் அதன் பங்குக்கு மாற்ற வேண்டும். 45ஐ 50ஆல் வகுத்து 20ஆல் பெருக்கினால் 18. இதே மாதிரி மற்றவை 8, 6, 21. படிகள் 18, 26, 32, 53 என்று ஏறும்.

இப்போது இன்னொரு மாணவன். அவனுக்கு 8, 5, 4, 36. அவனுக்கும் 53தான். அறிக்கையில் இரண்டு பேரும் ஒன்று. படிக்கட்டில் ஒன்றல்ல. மாணவி வகுப்பில் எல்லாம் செய்கிறாள், எழுத்துப் பரீட்சையில் விழுகிறாள். மாணவன் பரீட்சையில் ஓரளவு எழுதுகிறான், தவணை முழுக்க நடக்கிற வேலைகளில் காணாமல் போகிறான். இரண்டு பேருக்கும் ஒரே மருந்து கொடுக்க முடியுமா?

ஆனால் இந்த வரைபு ஏமாற்றவும் செய்யும். மாணவியின் படிக்கட்டில் மிக உயரமான பட்டை தவணைப் பரீட்சையின் 21. பார்க்கிற வாப்பா "பரீட்சைதான் நல்லம்" என்று நினைப்பார். உண்மையில் அவள் 39 புள்ளிகளை இழந்ததும் அங்கேதான். பங்கு 60 என்பதால் குறைந்த புள்ளியும் உயரமாகத் தெரிகிறது. அதனால் ஒவ்வொரு பட்டைக்கு மேலும், எடுத்திருக்கக்கூடிய உச்சம் வரை ஒரு வெற்றுக் கட்டம் வரைய வேண்டும் என்பது எங்கள் கருத்து. கண் அந்த வெற்றிடத்தைத் தேடிப் போகும்.

இரண்டாவது சிக்கல், வராத நாள். அந்த மாணவன் தலா 25 புள்ளி கொண்ட இரண்டு அலகுப் பரீட்சைகளில் ஒன்றில் 20 எடுத்தான். மற்றதுக்கு வரவில்லை, 0 போடப்பட்டது. அதனால்தான் 8. எழுதிய பரீட்சையை மட்டும் எடுத்தால் 16 ஆகும், மொத்தம் 61. காய்ச்சலில் கிடந்த நாளும், வந்து ஒன்றும் எழுதாத நாளும் வரைபில் ஒரே மாதிரித்தான் தெரியும். பட்டைக்குக் கீழே "வரவில்லை" என்று எழுதாவிட்டால் பிள்ளைக்கு அநியாயம்.

கணினியில் செய்கிறவர்களுக்கு: எக்செல் 2016 முதல் `Waterfall` என்ற வகை அதிலேயே உண்டு. மொத்தப் பட்டையைத் தெரிவுசெய்து `Set as total` கொடுக்க மறந்தால், அது 53இல் தொடங்கி 106 வரை மிதக்கும். வெற்றுக் கட்டத்தை அதில் போடுவது கரைச்சல். வரைபுத்தாளில் ஒரு புள்ளிக்கு ஒரு மில்லிமீற்றர் என்று வைத்தால் 100 புள்ளிக்கு 10 சென்ரிமீற்றர்தான். பென்சிலும் அடிமட்டமும் போதும். பிள்ளையையே வரையச் சொல்லலாம்.

எல்லாப் பாடத்துக்கும் எல்லாப் பிள்ளைக்கும் வரைய எங்களுக்கு நேரமில்லை, அதை ஒத்துக்கொள்கிறோம். மொத்தம் சடுதியாக இறங்கிய பிள்ளைகளுக்காவது வரைவோம். பெற்றோரும், டியூஷனுக்குக் காசு கட்ட முதல், "எந்தப் படியில குறைஞ்ச சேர்?" என்று எங்களிடம் கேளுங்கள். காட்ட வேண்டியது எங்கள் பொறுப்பு.