தாமதத்துக்கு விலை உண்டு, இழப்புக்கு உண்டா?

பொழியூர், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் வாழும் தமிழர்கள் சொத்துப் பத்திரத்தை ‘ஆதாரம்’ என்றே வழங்குகின்றனர். எல்லைக்கு அப்பால் கொல்லங்கோட்டில் பத்திரம் என்பது இப்பால் ஆதாரம் ஆகிறது. அந்தச் சொல்லுக்குச் சான்று என்றும் பிடிமானம் என்றும் பொருள் உண்டு. வீட்டுக் கடனை முழுவதும் அடைத்த ஒருவரிடம், அவருடைய ஆதாரம் காணவில்லை என்று வங்கி கூறும்போது அவர் இழப்பது இவ்விரண்டில் எது என்பதே இங்கு எழும் கேள்வி.

சட்டப்படி அவர் உரிமையை இழப்பதில்லை. பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரத்தின் முழு வாசகமும் சார்பதிவாளர் அலுவலகத்தின் முதலாம் புத்தகத்தில் இருக்கிறது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 57ஆம் பிரிவின்படி, அதன் சான்றிட்ட நகலை எவரும் கட்டணம் செலுத்திப் பெறலாம். மூல ஆவணத்தில் என்ன எழுதப்பட்டிருந்தது என்பதை மெய்ப்பிக்க அந்த நகல் போதும். ஆகவே சான்று அழிவதில்லை.

அழிவது பிடிமானமே. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 58ஆம் பிரிவில் குறிப்பிடும் அடமான வகைகளுள் ஒன்று, உரிமை ஆவணங்களைக் கடன் கொடுப்பவரிடம் ஒப்படைப்பதனாலேயே உண்டாவது. வங்கிகளின் வீட்டுக் கடன் பெரும்பாலும் இவ்வகையில்தான் நடக்கிறது. இங்கே மூலத்தாளே ஈடு. அதனால்தான் சான்றிட்ட நகலை மட்டும் வைத்துக்கொண்டு வருபவரை அடுத்த வங்கி ஐயத்துடன் பார்க்கிறது. மூலம் வேறெங்கோ ஈடாக இருக்கக்கூடும் என்பது அதன் அச்சம். வாங்க வருபவரும் அதே அச்சத்தால் விலையைக் குறைக்கிறார்.

இந்நிலையில் ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பர் 13 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வாடிக்கையாளர் சேவையை ஆராய்ந்த பி.பி. கனுங்கோ தலைமையிலான குழு அவ்வாண்டில் அளித்த பரிந்துரைகள் அதற்கு முன்னோடி. தனிநபர் கடன் முழுவதும் அடைக்கப்பட்ட 30 நாட்களுக்குள் எல்லா மூல ஆவணங்களையும் திருப்பித் தருவதுடன், பதிவேடுகளில் உள்ள அடமானக் குறிப்பையும் நீக்க வேண்டும். வீட்டுக் கடனும் இதில் அடங்கும். வங்கியின் பிழையால் தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு. ஆவணம் தொலைந்தாலோ சேதமடைந்தாலோ நகல்களைப் பெற வங்கி உதவுவதோடு அதன் செலவையும் ஏற்க வேண்டும். ஆனால் இதற்காக வங்கிக்கு மேலும் 30 நாள் தரப்படுகிறது. 2023 டிசம்பர் 1 முதல் திருப்பித் தர வேண்டிய ஆவணங்களுக்கு இவ்விதி பொருந்துகிறது.

இவ்விதியின் வலிமையும் குறையும் ஒரு கணக்கில் தெரியும். பொழியூரில் ஒரு குடும்பம் 2025 ஜனவரி 10 அன்று கடனை அடைத்து, ஏப்ரல் 20 அன்றுதான் ஆவணங்களைப் பெற்றது எனக் கொள்க. வங்கி வெறுமனே தாமதித்திருந்தால் 30 நாள் கெடு பிப்ரவரி 9 அன்று முடிகிறது; அதன்பின் 70 நாட்கள், இழப்பீடு 3,50,000 ரூபாய். ஆவணம் தொலைந்துவிட்டது என்று வங்கி கூறினால் கெடு மார்ச் 11 வரை நீள்கிறது. தாமதம் 40 நாட்களாகவும் இழப்பீடு 2,00,000 ரூபாயாகவும் சுருங்குகின்றன. தாமதித்த வங்கி மூலத்தைத் தருகிறது. தொலைத்த வங்கி நகலைத் தருகிறது. பெருந்தவறு செய்தவர் குறைவாகச் செலுத்துகிறார். அதே வங்கி 60 நாட்களுக்குள் நகலைக் கொடுத்துவிட்டால், நாட்கணக்கில் ஒரு ரூபாயும் எழாது. சுற்றறிக்கை விலை வைத்திருப்பது தாமதத்துக்கே. நிரந்தர இழப்புக்கு அது எந்தத் தொகையையும் வரையறுக்கவில்லை.

அந்த இடைவெளியை நிரப்புவது நுகர்வோர் ஆணையமே. பெங்களூரில் ஒருவர் 2016இல் ஐசிஐசிஐ வங்கியில் வீட்டுக் கடன் பெற்றார். அவருடைய மூல ஆவணங்கள் வங்கியின் காப்பகத்துக்குக் கூரியரில் அனுப்பப்பட்டபோது வழியில் தொலைந்தன. தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2023இல், வங்கி தன் செலவில் சான்றிட்ட நகல்களைப் பெற்றுத் தர வேண்டும், எதிர்காலத்தில் நேரும் நட்டத்துக்கு ஈட்டுறுதிப் பத்திரம் எழுதித் தர வேண்டும், 25 லட்சம் ரூபாய் இழப்பீடும் வழங்க வேண்டும் என்று ஆணையிட்டது. கூரியர் நிறுவனத்தின் மேல் பழியைப் போட்டு வங்கி விலகிக்கொள்ள முடியவில்லை. சட்டப்படி கிடைக்கக்கூடிய பிற இழப்பீட்டுக்கான உரிமையைத் தன் விதி பாதிக்காது என்று சுற்றறிக்கையும் கூறுகிறது. ஆகவே நாட்கணக்குத் தொகையைப் பெற்றவருக்கும் ஆணையத்தின் கதவு திறந்தே இருக்கிறது.

ஆணையத்தின் முன் நிற்பதற்கு எழுத்து வேண்டும். கடன் பெறும் நாளிலேயே, ஒப்படைத்த ஒவ்வோர் ஆதாரத்தின் எண், ஆண்டு, பக்க எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்ட பட்டியலை வங்கியின் கையொப்பத்துடன் பெற வேண்டும். கடன் முடிந்ததும் தேதியிட்ட முடிவுக் கடிதம் அவசியம்; நாட்கள் கடன் முழுவதும் அடைக்கப்பட்ட தேதியிலிருந்துதான் எண்ணப்படும். ஆவணங்களைப் பெறும்போது பட்டியலோடு ஒப்பிடுவதற்கு முன் ‘அனைத்தும் பெற்றேன்’ என்று கையொப்பமிடலாகாது. கிரய ஆதாரம் இருக்க, முன்னாதாரங்களுள் ஒன்று மட்டும் குறைவது பலருக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரியவருகிறது.

தொலைந்தது உறுதியானால், எந்த ஆவணம் தன் பொறுப்பில் இருந்தபோது தொலைந்தது என்பதை வங்கி எழுதித் தர வேண்டும். காவல்துறைப் புகாரையும் நாளிதழ் அறிவிப்பையும் வங்கியின் பெயரிலேயே கோருவது நல்லது. கடன்பெற்றவர் தாமே தொலைத்ததுபோல் புகார் எழுதித் தந்தால், அவருடைய வழக்கின் அடித்தளமே சரிந்துவிடும். வங்கிக்கு அளித்த எழுத்து முறையீட்டுக்கு 30 நாட்களில் தக்க பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு வரம்பு உண்டு. 2019ஆம் ஆண்டின் சட்டப்படி, முறையிடுபவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்.

இரண்டு எல்லைகளை இப்பகுதியினர் அறிந்திருக்க வேண்டும். முதலாவது, கேரளக் கிராமங்களில் ‘பேங்க்’ என்று அழைக்கப்படும் சேவைக் கூட்டுறவுச் சங்கங்கள் ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற வங்கிகள் அல்ல. மேற்கண்ட சுற்றறிக்கை அவற்றைக் கட்டுப்படுத்தாது. அங்கே கடன் பெற்றவர் கூட்டுறவுத் துறையையோ நுகர்வோர் ஆணையத்தையோதான் நாட வேண்டும். இரண்டாவது, பதிவாகாத எழுத்துக்குச் சார்பதிவாளரிடம் நகல் கிடையாது. உயிலைப் பதிவுசெய்வது கட்டாயமில்லை என்பதால், தாத்தா எழுதிய பதிவாகாத உயில் ஒன்று வங்கிக் கோப்பில் தொலைந்தால் அதை எந்த அலுவலகமும் மீட்டுத்தர இயலாது.

ஐந்தாயிரம் ரூபாய்க் கணக்கு வங்கிகளை விரைவுபடுத்தக்கூடும். கவனமாக வைத்திருக்கத் தூண்டுவதற்கு அது போதாது. தொலைத்த வங்கிக்குக் கூடுதல் 30 நாள் தரும் விதி மாற வேண்டும்; சொத்தின் மதிப்புக்கேற்ப ஒரு குறைந்தபட்ச இழப்பீடும் ஈட்டுறுதிப் பத்திரமும் சுற்றறிக்கையிலேயே இடம்பெற வேண்டும். பெங்களூர்க்காரர் வழக்காடிப் பெற்றதைப் பொழியூரின் மீனவக் குடும்பம் ஒரு மனுவில் பெற முடிந்தால்தான், ஆதாரத்தை ஒப்படைத்தவர்க்கு அந்த விதி ஆதாரமாகும்.