தலைப்பு பட்டறையிலேயே கிடக்கிறது

தையற்பயிற்சி மாணவிக்கு இறுதித் திட்டப்பணியாக ‘இந்தியப் பாரம்பரிய உடைகள்’ என்று தலைப்புத் தருவது அவளுடைய அறிவை அவமதிப்பதாகும். மெல்லிய துணியில் தையலோரம் சுருங்குவதையே அவள் பட்டறையில் அன்றாடம் காண்கிறாள். அதுவே தலைப்பாகட்டும்.

சுருங்கிய தையலின் நூலைச் சில அங்குலத்துக்கு ஒருமுறை கத்தரித்துப் பார்க்கட்டும். துணி நிமிர்ந்தால் குற்றம் நூலின் இறுக்கத்தில். நிமிராவிடில், தடித்த ஊசியோ நூலோ நெசவிழைகளை நெருக்கியிருக்கலாம். இரு துணிகளும் சமமாக நகராமலும் இருந்திருக்கலாம். 16ஆம் எண் ஊசியை நீக்கி 11ஆம் எண் ஊசியிட்டு, ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றித் தைத்து, துண்டுகளை ஏட்டில் ஒட்டட்டும்.

இது ஆய்வாகுமா என்பீர்கள். காரணங்களைப் பிரித்தறிவதன்றி ஆய்வு வேறென்ன? அந்த ஏட்டை அடுத்த ஆண்டு மாணவி புரட்டுவாள். படியெடுத்த கட்டுரையை எவரும் புரட்டார்.