"ஆறு மாசம்" என்று சொல்லாதீர்கள், நாளை எண்ணுங்கள்!



வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு ஊரில் ஆளாளுக்கு ஒரு வரிக் கணக்கு சொல்கிறார்கள். அதைக் கேட்டுக்கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

என்னிடம் படித்த பையன் ஒருவன் குவைத்தில் 12 வருஷம் வெல்டராக இருந்தான். 2024 அக்டோபர் 10-ஆம் தேதி ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டான். "மார்ச் 31 வரைக்கும் 173 நாள்தான் சார், ஆறு மாசம் ஆகல, நான் என்.ஆர்.ஐ.தான்" என்றான். பாஸ்போர்ட்டை எடுத்து வரச் சொன்னேன். அதே வருஷம் மே 5-ஆம் தேதி லீவில் வந்து 16-ஆம் தேதி திரும்பிப் போன முத்திரை இருந்தது. வந்த நாளையும் போன நாளையும் சேர்த்து எண்ணுவதுதான் பாதுகாப்பு. அது 12 நாள். ஆக மொத்தம் 185. நிதியாண்டில் 182 நாள் ஆகிவிட்டாலே வரிச் சட்டத்தில் அவன் 'ரெசிடென்ட்'. ஜனவரியிலிருந்து எண்ணக் கூடாது, ஏப்ரல் 1-லிருந்து எண்ண வேண்டும். லீவு நாளும் கணக்கில் வரும்.

182-க்குக் குறைந்தாலும் உடனே நிம்மதி கொள்ள வேண்டாம். அந்த வருஷம் 60 நாளும், அதற்கு முந்தைய நாலு வருஷத்தில் மொத்தம் 365 நாளும் இங்கே இருந்திருந்தால் அப்போதும் ரெசிடென்ட்தான். லீவுக்கு வந்து போகிறவர்களுக்கு அந்த 60-ஐத் தளர்த்தியிருக்கிறார்கள். ஒரேயடியாகத் திரும்பியவர் அந்தத் தளர்வை நம்பி உட்காரக் கூடாது.

பையன் கணக்கில் தவறியதைக்கூட மன்னித்துவிடலாம். ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறவர் செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "ரெசிடென்ட் ஆயிட்டீங்க, ஏப்ரலிலிருந்து வாங்கின குவைத் சம்பளத்துக்கும் வரி கட்டணும்" என்று மிரட்டியிருக்கிறார். பாதிச் சட்டத்தைப் படித்துவிட்டு முழு வரி கேட்டால் எப்படி?

ரெசிடென்டிலேயே இரண்டு வகை உண்டு. முந்தைய 10 வருஷத்தில் 9 வருஷம் என்.ஆர்.ஐ.யாக இருந்தவரும், முந்தைய 7 வருஷத்தில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இங்கே இல்லாதவரும் 'ஆர்.என்.ஓ.ஆர்.' என்ற வகை. இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும். நம் பையன் வருஷத்துக்கு 40 நாளுக்கு மேல் லீவில் வந்ததே இல்லை. ஏழு வருஷத்துக்கு 280 நாள்கூடத் தாண்டாது. அங்கே உழைத்து, அங்கேயே வங்கியில் வாங்கிய சம்பளத்துக்கு இந்த வகையினர் இங்கே வரி கட்ட வேண்டியதில்லை. இங்கே வருகிற வாடகையும் வட்டியும்தான் கணக்கில் வரும். ஒன்று மட்டும் ஞாபகம் வேண்டும்: இவர்கள் ஐ.டி.ஆர். 1 படிவம் போடக் கூடாது.

பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏழு வருஷத்து முத்திரைத் தேதிகளை ஒரு தாளில் எழுதி, கூட்டி எடுத்துக்கொண்டு போங்கள். அந்தத் தாளைப் பார்க்காமலே வரி இவ்வளவு என்று சொல்கிறவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.